‘லே’யைக் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும்?

கேள்வி: நான் சென்னையில் பிறந்து வளர்ந்தவள். ஒரு குறும்படம் எழுதுகிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முப்பது வருடம் முன்பு வந்து எங்கள் தெருவில் மளிகைக் கடை போட்டவர்தான் முக்கியப் பாத்திரம். அவர் எந்த ஊர், என்ன தொழில் என்பது வாயைத் திறந்ததுமே தெரிய வேண்டும் என்று இப்படி எழுதினேன்:

வாடிக்கையாளர் பெண்ணிடம்: “ஏலே, என்னம்மா, சர்க்கரை வேணுமாலே?”
கடைப் பையனிடம்: “ஏலே, சீக்கிரம் எடுத்துட்டு வாலே!”
ஊரிலிருந்து போனில் பேசும் மாமனாரிடம்: “என்னலே மாமா, சௌக்கியமாலே?”

அவர் மனைவியும் கல்லூரி படிக்கும் மகளும் சாதாரணமாகப் பேசுகிறார்கள். இதைப் படித்த பாளையங்கோட்டைத் தோழி, “எங்க ஊர் ஆளுகளைப் பாத்தா ஒனக்குக் கேலியா இருக்கா?” என்று கோபித்துக்கொண்டாள். வழக்கையே எடுத்துவிட்டுப் பொதுத் தமிழில் எழுதிவிடட்டுமா? எதுவரை போகலாம்?
— வாசகி, சென்னை

அன்புள்ள வாசகிக்கு,

எடுத்துவிட வேண்டாம். முப்பது வருடமாகச் சென்னையில் கடை நடத்தும் ஒரு தென்மாவட்டத்துக்காரரைப் பேச்சில் ஊரே தெரியாமல் காட்டினால், அவரிடமிருந்து பாதியைப் பறித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஆனால் உங்கள் தோழியின் கோபமும் நியாயமானது. படங்களுக்கும் டப்பிங்குக்கும் வட்டார வழக்கு பார்த்துக் கொடுப்பதுதான் என் வேலை. என் ஊரும் திருச்செந்தூர்ப் பக்கம்தான். என் ஊர்ப் பேச்சு திரையில் வரும்போதெல்லாம் முதல் வசனத்துக்கே உடம்பு இறுகிப்போகும், ‘லே’ எத்தனை வரப்போகிறதோ என்று.

உங்கள் இரண்டாவது வசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள இரண்டு ‘லே’யையும் கழித்துப் பாருங்கள். “சீக்கிரம் எடுத்துட்டு வா.” திருநெல்வேலி எங்கே போயிற்று? இதைக் காஞ்சிபுரத்துக்காரரும் சொல்லலாம், சேலத்துக்காரரும் சொல்லலாம். நீங்கள் எழுதியது சென்னை வாக்கியம். அதன் இரு முனையிலும் ஊர்ப்பெயர் பலகை மாட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். எந்த வட்டார வசனம் வந்தாலும் நான் முதலில் செய்து பார்க்கிற சோதனை இது. கொங்கு என்றால் ‘ங்கோ’வைக் கழிப்பேன், சென்னை என்றால் ‘இன்னா’வைக் கழிப்பேன். மிச்சமிருப்பதில் ஊர் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரியாவிட்டால் அங்கே வழக்கு இல்லை, முத்திரை மட்டும்தான் இருக்கிறது.

ஊர் எங்கே இருக்கிறது என்றால், வினைமுற்றில். நெல்லையில் “பாக்குறேன்” என்று பெரும்பாலும் சொல்லமாட்டார்கள், “பாக்கேன்” என்பார்கள். “கேக்குறேன்” அங்கே “கேக்கேன்”. “சொல்றேன்” என்பது “சொல்லுதேன்”. “என்ன பாக்குற?” என்று சென்னையில் கேட்பதை அங்கே “என்ன பாக்க?” என்று கேட்பார்கள். வெளியூர்க்காரருக்கு அது பாதியில் நின்றுபோன வாக்கியம் மாதிரி இருக்கும், ஆனால் அது முழு வாக்கியம். மரியாதையாகக் கேட்டால் “என்ன செய்யுதிய?”, “எப்ப வாரிய?” என்று வரும். இதில் ஓர் அழகு இருக்கிறது. ‘வாரிய’ என்பதன் கடைசியில் ஒரு ளகரம் ஒளிந்திருக்கிறது. சாதாரணமாகப் பேசும்போது அது காதில் விழாது. கேள்விக்கு ‘ஆ’ சேர்த்ததும் வெளியே வந்துவிடும்: “வாரியளா?”, “நல்லாருக்கியளா?” படர்க்கையிலும் இப்படித்தான். “அத்தை வந்தாவ” என்பது கேள்வியானால் “அத்தை வந்தாவளா?” ஆகும். வெளியூரிலிருந்து எழுதுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. ‘வாரிய’ என்று எங்கோ கேட்டிருப்பார்கள், கேள்வியில் ‘வாரியா?’ என்று எழுதிவிடுவார்கள். மாமனாரிடம் மரியாதையாகக் கேட்க வேண்டிய கேள்வி, பொடியனிடம் கேட்கிற கேள்வியாகிவிடும்.

இனி ‘லே’. அதுவும் எங்கள் ஊர்ப் பேச்சுதான், அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு ஆள் உண்டு, இடம் உண்டு. ‘ஏல’, ‘லே’ எல்லாம் ஆண்பிள்ளையிடம், அதுவும் வயதில் சின்னவனிடம் அல்லது தோளில் கைபோட்டுப் பழகிய கூட்டாளியிடம். பெண்ணிடம் என்றால் ‘ஏட்டி’ என்று மாறும், அதையும் வீட்டுப் பெண்ணிடமோ நன்றாகப் பழகிய பெண்ணிடமோதான் சொல்லலாம். கடைக்கு வந்த அறிமுகமில்லாத பெண்ணிடம் ‘ஏலே’ என்று எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார். மாமனாரைப் பார்த்து ‘என்னலே மாமா’ என்று சொன்னால் அன்றைக்கே குடும்பத்தில் சண்டை. உங்கள் மூன்று வசனத்தில் பையனிடம் சொல்வது ஒன்றுதான் ஊரில் நடக்கக்கூடியது. மற்ற இரண்டில் நீங்கள் காட்டுவது நெல்லைக்காரரை அல்ல, மரியாதை தெரியாத ஒருவரை. உங்கள் தோழிக்கு உறைத்தது இதுதான் என்று நினைக்கிறேன். ஊர்ப்பேச்சைப் போட்டதற்காக அவர் கோபப்பட்டிருக்கமாட்டார். அதிலுள்ள மரியாதையை முழுக்க உருவிவிட்டு, முரட்டுச் சொல்லை மட்டும் எல்லார் மேலும் வீசியதற்காகக் கோபப்பட்டிருக்கிறார்.

கேலிச்சித்திரம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. யாரிடம் பேசினாலும் ஒரே மாதிரி பேசும் மனிதன் உலகத்தில் கிடையாது. கொங்கு நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் கோயம்புத்தூர்க்காரர் என்றால் வாக்கியத்துக்கு ஒரு ‘ங்கோ’ வைத்து, எல்லாரிடமும் பணிவாகக் குழைகிறவராகக் காட்டிவிடுவார்கள். நிஜத்தில் அந்த ‘ங்க’தான் அங்கே வர்க்கத்தைக் காட்டும் கருவி. பண்ணையத்தில் வேலை செய்பவர் நிலத்துக்குச் சொந்தக்காரரான பண்ணாடியிடம் “சரிங்க”, “வர்றனுங்க” என்று ஒவ்வொரு மூச்சிலும் ‘ங்க’ சேர்ப்பார். பண்ணாடி அதைத் திருப்பித் தரமாட்டார். இருவரும் ஒரே ஊர், ஒரே வழக்கு. ‘ங்க’ எந்தப் பக்கம் போகிறது, எந்தப் பக்கம் வரவில்லை என்பதிலேயே யாருடைய காடு, யாருடைய உழைப்பு என்று தெரிந்துவிடும். ஒரு வரி விளக்கம்கூடத் தேவையில்லாமல் இத்தனையும் சொல்லும் கருவியை எல்லார் வாயிலும் ஒரே அளவில் தெளித்தால், கொங்குத் தமிழ் வெறும் செல்லப் பேச்சாகிவிடுகிறது.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததல்ல. பேசும்படம் வந்த முதல் இருபது முப்பது வருடங்களில் நாயகனின் தமிழுக்கு ஊரே கிடையாது. முதலில் புராணப் படங்களின் வடமொழி கலந்த மேடைத் தமிழ், பிறகு திராவிட இயக்க எழுத்தாளர்களின் அடுக்குமொழித் தமிழ். இரண்டுமே மேடையிலிருந்து வந்தவை, எந்தத் தெருவிலும் பேசப்பட்டவை அல்ல. அப்போது தெருப் பேச்சு எங்கே போகும்? நகைச்சுவை நடிகரிடமும் வேலைக்காரப் பாத்திரத்திடமும் போயிற்று. 1958-இல் வந்த ‘சபாஷ் மீனா’வில் சந்திரபாபு இரட்டை வேடம் போட்டார். ஒருவர் ரிக்‌ஷாக்காரர், அவர் பேசுவது மெட்ராஸ் பாஷை. அந்த நடிப்பில் உயிர் இருந்தது, இன்றைக்கும் பார்க்கலாம். ஆனால் அப்படிப்பட்ட படங்கள் அடுத்தடுத்து வர வர, ரிக்‌ஷா ஓட்டுகிறவர், மீன் விற்கிறவர், பிக்பாக்கெட் எல்லாருக்கும் அந்தப் பாஷை, காதலிக்கிறவருக்குப் பொதுத் தமிழ் என்று ஓர் அடுக்கு உறைந்துபோயிற்று. வட்டாரம் இருந்தால் சிரிப்புக்கு, இல்லாவிட்டால் மரியாதைக்கு என்று பார்வையாளர் காதும் பழகிவிட்டது. நீங்கள் சென்னையில் வளர்ந்து, படம் பார்த்து நெல்லைத் தமிழைக் கற்றவர். உங்கள் பேனாவில் அந்த அடுக்குதான் இறங்கியிருக்கிறது.

பேச்சை அடையாளமாகப் பயன்படுத்துவதே தவறு என்று சொல்லவரவில்லை. 1990-இல் வந்த ‘மைக்கேல் மதன காம ராஜ’னில் கமல்ஹாசன் நான்கு சகோதரர்களாக வருகிறார். ஒரே முகம் என்பதால் யார் யார் என்று பிரிக்கப் பேச்சு அவசியம். சமையல்காரர் காமேஸ்வரன் பேசும் பாலக்காட்டுப் பிராமணத் தமிழ் ஊர், குடும்பம், தொழில் மூன்றையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறது. கல்யாண வீட்டுச் சமையலுக்குப் பாலக்காட்டிலிருந்து ஆட்கள் வந்தது நடந்த வரலாறு, ஆகவே அந்த அடையாளம் பொய்யில்லை. சென்னையில் மளிகைக் கடை நடத்துவோரில் திருநெல்வேலி, தூத்துக்குடி ஆட்கள் நிறையப்பேர் என்பதும் நிஜம். ‘அண்ணாச்சி’ எங்கள் ஊரில் வயதில் மூத்த எந்த ஆணையும் மரியாதையாக அழைக்கும் சொல், சென்னையில் அது ஒரு தொழிலுக்கே பெயராகிவிட்டது. உங்கள் பாத்திரத் தேர்வில் குறையில்லை. பேச்சு தொழிலைச் சொல்வதோடு நிற்காமல் குணத்தையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தால்தான் எச்சரிக்கையாக வேண்டும். நெல்லைக் கடைக்காரர் என்றால் கஞ்சன், மதுரைக்காரர் என்றால் அரிவாள், வடசென்னை என்றால் திருட்டு, கோயம்புத்தூர் என்றால் வெள்ளந்தி. உங்கள் கடைக்காரர் கஞ்சனாகவே இருக்கட்டும், அது உங்கள் கதை. ஆனால் அவர் கஞ்சன் என்பதைக் கணக்குப் பார்க்கிற விதத்தில் காட்டுங்கள், பேச்சு காட்டிக்கொடுக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

சிரிப்புக் காட்சிக்கும் இதே அளவுகோல்தான். அந்த வசனத்தைப் பொதுத் தமிழில் மாற்றி ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அப்போதும் சிரித்தால், சிரிப்பு சொன்ன விஷயத்தில் இருக்கிறது. வழக்கு அதற்குக் கூடுதல் சுவை தருகிறது, தாராளமாக வையுங்கள். பொதுத் தமிழில் சப்பென்று போய்விட்டால், பார்வையாளர் சிரித்தது அந்த மனிதர் பேசுகிற விதத்தைப் பார்த்துத்தான்.

இப்போது உங்கள் மூன்று வசனத்தையும் திருத்திப் பார்ப்போம். கடைக்காரரின் வயது ஐம்பது இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். கடைப் பையன் அவருடைய அக்கா மகன், பதினேழு வயது, ஊரிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது.

முப்பது வருடம் சென்னைக்காரர்களிடம் வியாபாரம் செய்தவர் வாடிக்கையாளரிடம் ஊர்ப்பேச்சு பேசமாட்டார். பேசினால் வியாபாரம் நடக்காது என்று வந்த புதிதிலேயே தெரிந்துகொண்டிருப்பார். எங்கள் ஊரில் சீனி என்போம், சென்னையில் சக்கரை. எங்கள் பல்லாரி இங்கே பெரிய வெங்காயம். வத்தல் என்று நாங்கள் கேட்பது இங்கே காய்ந்த மிளகாய். மூட்டையிலிருந்து அள்ளுகிற ஒவ்வொரு சரக்குக்கும் அவர் வாயில் இரண்டு பெயர் உண்டு. ஆகவே வாடிக்கையாளரிடம் இப்படிப் பேசுவார்:

“வாங்கம்மா. சக்கர ரெண்டு கிலோவா? பையன் எடுத்துட்டு வாரான், நில்லுங்க. போன மாசச் சிட்டையில எரநூத்தி நாப்பது நிக்கும்மா.”

ஏறக்குறையச் சென்னைப் பேச்சுதான். ஆனால் இரண்டு இடத்தில் ஊர் கசிகிறது. ‘வரான்’ என்று வரவேண்டியது ‘வாரான்’ என்று நீள்கிறது. ‘நிக்குது’ என்பதற்குப் பதில் ‘நிக்கு’ வந்திருக்கிறது. உயிர்நாடி வினைமுற்றில்தான் என்று சொன்னேனே, இதற்காகத்தான். சரக்கின் பெயரை மனிதன் யோசித்து மாற்றிக்கொள்வான். வினைமுற்று யோசனைக்குள் வராது, அதனால் முப்பது வருடமானாலும் எங்காவது நழுவிவிடும். நன்றாகப் பேசத் தெரிந்த நடிகருக்கு இந்த இரண்டு கசிவு போதும்.

அடுத்த நொடியில் பையன் பக்கம் திரும்புகிறார்:

“ஏல, என்னத்தப் பாத்துட்டு நிக்க? அம்மாக்கு ரெண்டு கிலோ சீனி போடு. சிந்திராத.”

அதே சரக்கு, அந்த அம்மாவிடம் சக்கரை, பையனிடம் சீனி. நடுவில் ஒரு மூச்சுதான் இடைவெளி. உங்கள் படத்தில் இந்த மனிதருடைய முப்பது வருட வாழ்க்கையைச் சொல்ல இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தோன்றவில்லை. ‘ஏல’ ஒருமுறைதான் வருகிறது, வர வேண்டியவனிடம் வருகிறது. அதைக் கழித்தாலும் “என்னத்தப் பாத்துட்டு நிக்க?” என்பது திருநெல்வேலியை விட்டு நகராது. பையனும் வாய் திறக்கட்டும். அவன் இன்னும் மாறவில்லை, வாடிக்கையாளரிடமே “பல்லாரியா, உள்ளியா?” என்று கேட்பான். உள்ளி என்றால் சின்ன வெங்காயம். அந்த அம்மா விழிப்பார். மாமா “வெங்காயம்னு கேளுல” என்பார். அந்த இடத்தில் பார்வையாளர் சிரிக்கக்கூடும். அந்தச் சிரிப்பு யாரையும் தாழ்த்தாது. ஒருவருக்கொருவர் புரியாமல் போனதைப் பார்த்து வருகிற சிரிப்பு அது.

மூன்றாவது, மாமனாரின் போன்:

“சொல்லுங்க மாமா. நல்லாருக்கியளா? அத்தை என்ன செய்யுதாவ? ஊர்ல மழை உண்டா? கொடைக்கு வாரேன் மாமா, கடைய இவன்ட்ட விட்டுட்டு ரெண்டு நாள் வந்துட்டுப் போறேன்.”

இங்கே ஒரு ‘லே’ கூட இல்லை. மூன்று வசனத்திலும் ஊர் மிக அழுத்தமாக இருப்பது இதில்தான். ‘இருக்கியளா’, ‘செய்யுதாவ’, ‘உண்டா’, ஊர்க் கோயில் திருவிழாவைச் சொல்லும் ‘கொடை’ எல்லாமே மரியாதையும் பாசமும் கலந்து வருகின்றன. கல்லாவில் உட்கார்ந்துகொண்டு சென்னைக்காரராகப் பேசியவர் போனை எடுத்ததும் ஊருக்குப் போய்விடுகிறார். நடிகரிடம் குரலையும் கொஞ்சம் தணிக்கச் சொல்லுங்கள், மாமனாரிடம் அல்லவா பேசுகிறார்.

மனைவி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் பிரதியின் பெரிய குறை என்று எனக்குப் பட்டது அதுதான். மகள் சென்னைப் பேச்சு பேசுவது சரி, இங்கே பிறந்து பள்ளிக்கூடம் போன பெண். மனைவி எப்படி சாதாரணமாகப் பேசுவார்? கல்யாணமாகி ஊரிலிருந்து வந்தவர் என்றால், பகலெல்லாம் வீட்டுக்குள் இருப்பவர், பேசுவதெல்லாம் கணவரிடமும் ஊரிலிருக்கும் அக்கா தங்கையிடமும்தான். கடைக்காரர் நாள் முழுக்க நூறு பேரிடம் சென்னைப் பேச்சு பேசி மழுங்கியவர். அப்படிப் பார்த்தால் அந்த வீட்டில் வழக்கு அதிகமாக இருக்க வேண்டியது அந்த அம்மாவின் வாயில்: “ஏட்டி, அப்பா சாப்ட வாராவளான்னு கேட்டுட்டு வா.” மகள் கடை வாசலில் வந்து, “அப்பா, அம்மா சாப்ட கூப்புடுறாங்க” என்பாள். ‘வாராவளா’ என்று அம்மா சொன்னது மகள் வாயில் ‘கூப்புடுறாங்க’ என்ற சென்னை முடிவாகிவிடுகிறது. ஒரு குடும்பத்தில் ஒருவர் மட்டும் வட்டாரம் பேசி மற்றவர்கள் பொதுத் தமிழ் பேசினால், பார்வையாளர் அவரை வேறு படத்திலிருந்து வந்தவர் மாதிரி பார்ப்பார். அவர் என்ன சொன்னாலும் அது வித்தைதான். ‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தில் நாயகன், அவன் நண்பன், அவனை அடிப்பவர்கள், ஊர் ஊராகப் போய்க் கொலை செய்யும் கிழவர் எல்லாருமே நெல்லைப் பேச்சுதான் பேசுகிறார்கள். அதனால் அங்கே பேச்சு யாருக்கும் முத்திரையாகவில்லை. கொஞ்ச நேரத்தில் நாம் வழக்கையே மறந்துவிட்டு ஆட்களைப் பார்க்கிறோம்.

இன்னொன்றை நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். ‘நெல்லைத் தமிழ்’ என்று ஒற்றைப் பேச்சு கிடையாது. 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் தனி மாவட்டமாகும் முன் அது ஒரே பெரிய மாவட்டம். தேரிக்காடு, தாமிரபரணிக் கரை, கடற்கரை, மலையடிவாரம் ஒவ்வொன்றிலும் பேச்சு கொஞ்சம் கொஞ்சம் மாறும். சாதியும் மதமும் அதைவிட வேகமாக மாற்றும், முக்கியமாக உறவுப் பெயர்களில். காயல்பட்டினத்திலோ மேலப்பாளையத்திலோ ஒரு முஸ்லிம் வீட்டில் ‘வாப்பா’, ‘உம்மா’ என்பார்கள். பாட்டியை ‘ஆச்சி’ என்று அழைக்கும் வீடும் உண்டு, அழைக்காத வீடும் உண்டு. ஒரு உறவுப் பெயர் தப்பாக விழுந்தால் குடும்பமே வேறு தெருவுக்குக் குடிபெயர்ந்துவிடும், ஊர்க்காரர் உடனே கண்டுபிடித்துவிடுவார். அதனால் ‘திருநெல்வேலிப் பக்கம்’ என்று மொத்தமாக விடாமல், எந்த ஊர், எந்த வீடு என்று உங்களுக்குள் தீர்மானித்துக்கொள்ளுங்கள். படத்தில் அதைச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

எவ்வளவு வைப்பது என்பதற்கு நான் பின்பற்றுவது இதுதான்: வினைமுற்றை விட்டுக்கொடுக்காதீர்கள், பெயர்ச்சொல்லில் தாராளமாக விட்டுக்கொடுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். யாருக்கும் புரியாத நாலு ஊர்ச்சொல்லைத் தேடிப்பிடித்துப் போட்டுவிட்டு, வாக்கியத்தைச் சென்னையிலேயே முடிப்பார்கள். வேலூரில் பார்ப்பவருக்கு “சொல்லுதேன்” புரியும், யாரும் விளக்க வேண்டாம். ‘பட்டாசல்’ என்றால் வீட்டுக் கூடம் என்று அவருக்குப் புரியாது. புரியாத சொல் வேண்டுமென்றால், மேலே பல்லாரிக்குச் செய்த மாதிரி, பொருள் கண்ணுக்குத் தெரிகிற காட்சியில் வையுங்கள். சில சொற்கள் இடத்தைப் பொறுத்துக் காலை வாரிவிடும். மெதுவாக என்பதற்கு நாங்கள் ‘பைய’ என்போம். பையனிடம் “பைய எடு” என்று எழுத எனக்கும் ஆசைதான். மளிகைக் கடையில் அது பையை எடு என்றுதான் காதில் விழும். அதனால்தான் அந்த வசனத்தில் “சிந்திராத” என்று முடித்தேன்.

வசனத்தைக் காகிதத்தில் திருத்துவதோடு வேலை முடியாது. ஏற்ற இறக்கத்தை எழுத்தில் பிடிக்க முடியாது. அதற்கு ஒலிப்பதிவு வேண்டும், பதிவு செய்வதிலும் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் தோழியிடமோ அவர் அப்பாவிடமோ வசனத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால், எழுத்தைப் பார்த்ததும் அவர்கள் பள்ளிக்கூடத் தமிழுக்குத் தாவிவிடுவார்கள். அல்லது ‘ஊர்ப்பேச்சு கேட்கிறார்கள்’ என்று தெரிந்து கூட்டிப் பேசுவார்கள். வசனத்தைக் காட்டாதீர்கள். கடை வைத்திருக்கும் அந்த வயதுக்காரர் ஒருவரைப் பிடித்து, சென்னைக்கு முதன்முதலில் வந்த கதையைச் சொல்லச் சொல்லுங்கள். முதல் பத்து நிமிடம் உங்களுக்காகப் பேசுவார், அதைத் தள்ளிவிடுங்கள். கதை சூடு பிடித்ததும் வினைமுற்றெல்லாம் தானாக ஊருக்குத் திரும்பும். நடுவில் அவருக்கு ஊரிலிருந்து போன் வந்தால் அதிர்ஷ்டம். அவர் அனுமதித்தால் அதையும் பதிவு செய்யுங்கள், வாடிக்கையாளரிடம் பேசுவதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை நடிகர் ஒரே நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்.

படப்பிடிப்புக்கு முன்பே வழக்கை முடித்துவிடுங்கள். ‘இப்போதைக்குப் பொதுத் தமிழில் பேசட்டும், டப்பிங்கில் நெல்லையாக்கிக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ‘சொல்றேன்’ என்று அசைந்த உதட்டுக்கு ‘சொல்லுதேன்’ நீளும். ‘பாக்குறேன்’ என்று அசைந்த உதட்டுக்கு ‘பாக்கேன்’ குறையும். அசை பொருந்தாதபோது டப்பிங் அரங்கில் என்ன நடக்கும் தெரியுமா? வினைமுற்றைச் சென்னைப் பேச்சிலேயே விட்டுவிட்டு, உதடு மூடியிருக்கும் இடைவெளியில் ஒரு ‘லே’யைச் செருகுவார்கள். திரையில் நாம் கேட்கும் பாதி ‘லே’ எழுத்தாளர் எழுதியதே அல்ல, இப்படி நேரமில்லாத அரங்கில் இடைவெளியை அடைக்க வந்தது.

கடைசியாக, போன் காட்சியில் மறுமுனையில் மாமனார் வீட்டுச் சத்தம் வைக்கப்போகிறீர்கள் என்றால், அந்தப் பின்னணிக் குரல்களுக்கும் வசனம் எழுதிக் கொடுங்கள். பொதுவாக அதை எழுதமாட்டார்கள். குரல் கொடுப்பவர்களிடம் ‘திருநெல்வேலி வீடு’ என்று மட்டும் சொன்னால் ஆளாளுக்கு ‘ஏலே’ என்று கத்திவிட்டுப் போவார்கள், ஒலிக்கலவையில் வசனத்துக்கு அடியில் அது கேட்டுக்கொண்டே இருக்கும். அத்தையின் குரலில் “யாரு, மாப்பிள்ளையா பேசுதாவ?” என்று ஒரு வரி போதும். முடிந்தால் உங்கள் தோழியையே அதைப் பேசச் சொல்லுங்கள்.